அப்பாவின் நாற்பதாயிரம்

2025 இறுதியில் வந்த கேள்வி: "2023 தொடக்கத்தில் பவுன் 42,000 இருந்தபோது, தங்கை கல்யாணத்துக்கு 10 பவுன் எடுத்துவிடலாம் என்றோம். அப்பா '40,000-க்கு வரட்டும்' என்றார். இப்போது 90,000 ஆகிவிட்டது. கல்யாணம் 2027 தை மாதம். இன்னும் 'இறங்கும், பொறு' என்கிறார். 2021 பிப்ரவரியில் 5.4 சதவீதத்துக்கு ஐந்து வருடம் போட்ட 5 லட்சம் டெபாசிட்டை 2023-லேயே எடுத்து மாற்றலாம் என்றோம். 'பெனால்டி போகும்' என்று மறுத்துவிட்டார். வரும் பிப்ரவரியில் அது முடிகிறது, அப்படியே புதுப்பிக்கச் சொல்கிறார். கணக்கு நன்றாகத் தெரிந்த மனிதர். ஏன் இப்படி? அவரிடம் எப்படிப் பேசுவது?"

முப்பத்திரண்டு ஆண்டு ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். பாதிக் காலம் டெபாசிட் கவுண்டர், மீதி நகைக்கடன் மேசை. உங்கள் அப்பாவைப் போன்றவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சிக்கனமானவர்கள், வட்டியை மனக்கணக்காகவே போடுகிறவர்கள். அவர்கள் ஏன் சில இடங்களில் மட்டும் நகர மறுக்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் வேலையில் இருக்கும்போதே தபால் வழியில் உளவியல் படித்தேன். தங்கம் இனி ஏறுமா இறங்குமா என்பதற்கு இங்கே பதில் கிடையாது. அப்பாவின் மனதுக்குள் நடப்பதைப் பற்றியும், இன்றைய தேதியில் உங்கள் வீட்டுக் கணக்கைப் பற்றியும் சொல்ல முடியும்.

முதலில் அந்த 40,000. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கடையில் அன்று பார்த்த விலை 42,000. அதிலிருந்து கொஞ்சம் கீழே, முழுசாக வரும் ஓர் எண் 40,000. அன்று விலை 47,000 இருந்திருந்தால் "45,000-க்கு வரட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். டாலர் மதிப்பு, இறக்குமதி வரி, உலகச் சந்தை எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை. முதலில் காதில் விழுந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து சிறிது தூரம் மட்டுமே மனம் நகர்கிறது. இதைத்தான் ஆங்கரிங் என்கிறார்கள், நங்கூரம் போடுவது. அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-லோ 65-லோ மட்டும் நிற்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். 10 வந்தவர்களின் நடு மதிப்பீடு 25 சதவீதம், 65 வந்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தே இப்படி நடந்தது. தங்க விலைக்கும் முந்தைய தங்க விலைக்கும் சம்பந்தம் இருக்கிறது அல்லவா? அதனால் நமக்கு அந்தப் பிடி இன்னும் இறுக்கமாக இருக்கும்.

அப்பாவுக்கு நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையில் பவுன் 43,000-ஐத் தாண்டியது. அதன் பிறகு இறங்கத் தொடங்கி, 2021 மார்ச்சில் 34,000-ஐ ஒட்டி வந்தது. அந்த ஏழு மாதம் காத்திருந்தவர்களுக்குப் பவுனுக்குச் சுமார் 9,000 ரூபாய் மிச்சம். உங்கள் அப்பா அன்று வாங்கினாரோ இல்லையோ, நாளிதழில் விலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். 2023-ல் திரும்பவும் அதே 42,000, 43,000 வந்தபோது, "போன தடவை இங்கேதானே திரும்பியது" என்று தோன்றியிருக்கும். அதற்கும் முன்னால், 2012 இறுதியில் 24,000-ஐ ஒட்டி இருந்த பவுன் 2015 இறுதியில் 19,000-ஐ ஒட்டி வந்தது. பழைய விலையை அது நிலையாகத் தாண்ட 2019 ஆனது. ஆகவே தங்கம் இறங்கும் என்பது அவர் கண்ணால் பார்த்த விஷயம். இறங்கவே முடியாது என்று நீங்கள் வாதாடினால் அவர் சொல்வதுதான் சரி, நீங்கள்தான் தவறு. அவருடைய சிக்கல் வேறு. இறங்கும் என்பதோடு சேர்த்து, இறங்கி எந்த எண்ணில் நிற்கும் என்பதையும் அவர் முடிவு செய்துவிட்டார்.

அப்புறம் அந்த எண் பழையதாகப் பழையதாக வலி கூடுகிறது. 50,000 ஆனபோது வாங்கினால், "42-ல் விட்டதை 50-ல் வாங்குவதா?" என்று கேள்வி வரும். கடையில் கொடுக்கும் பணம் அவர் கண்ணுக்குத் தங்கத்தின் விலையாகத் தெரியாது. பவுனுக்கு எட்டாயிரம் நஷ்டமாகத் தெரியும். வாங்காத வரை அந்த நஷ்டம் மனதில் மட்டும் இருக்கிறது, வாங்கிய நிமிடம் உறுதியாகிவிடுகிறது. அதனால் வாங்காமல் இருப்பது அவருக்கு ஆறுதல். 60,000 ஆனபோது 50,000 மலிவாகத் தெரிந்திருக்கும், 75,000 ஆனபோது 60,000. இப்போது "இறங்கும், பொறு" என்று சொல்லும்போது அவர் மனதில் எந்த எண் இருக்கிறது என்று மெதுவாகக் கேளுங்கள். நிச்சயம் ஓர் எண் இருக்கும், அது அவர் வாங்காமல் விட்ட ஏதோ ஒரு நாளின் விலையாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது. லாஸ் அவெர்ஷன் என்பார்கள், நஷ்ட பயம். ஆயிரம் ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட ஆயிரம் ரூபாய் போனால் வரும் வலி பெரியது. இதை வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவரும்போது எல்லோரும் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. எல்லா நஷ்டமும் ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. வாங்கிவிட்டு விலை இறங்கினால், காலையில் பேப்பரைப் பிரித்ததும் தெரியும். வாங்காமல் விட்டு விலை ஏறினால், அது எந்தப் பாஸ்புக்கிலும் பற்று வைக்கப்படுவதில்லை. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்று ஒரே நாளில் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. முந்தைய வாரம் மூன்று பவுன் எடுத்திருந்த என் பழைய வாடிக்கையாளர் ஓர் அம்மா போனில் அழுதே விட்டார். "ஆறாயிரம் போச்சு சார், ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே." அக்டோபரில் விலை அவர் வாங்கியதைத் தாண்டிப் போய்விட்டது. அதைச் சொல்ல அவருக்குப் போன் செய்யத் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஆறாயிரம் மட்டும் இரண்டு பேர் நினைவிலும் இருக்கிறது.

உங்கள் வீட்டு நிலையில் இதற்கு ஒரு தனிப் பொருள் உண்டு. முதலீட்டுக்காகத் தங்கம் வாங்குகிறவர் வாங்காமலே இருந்தால் அவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை, வாய்ப்பு மட்டும் போகும். உங்களுக்கு அப்படி இல்லை. தேதி குறித்தாகிவிட்டது, எத்தனை பவுன் என்று பேசியும் ஆகிவிட்டது. 80 கிராம் தங்கத்தை ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அப்படிப்பட்டவருக்கு வாங்குவதைவிட வாங்காமல் இருப்பதுதான் பந்தயம். விலை ஏறினால் அடி, இறங்கினால் தப்பிப்பு. 42,000-ல் 4,20,000 ரூபாயாக இருந்த செலவு இன்று 9 லட்சம். அப்பா தன்னை எச்சரிக்கையானவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், குணத்தால் அவர் அப்படித்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், தனக்கே தெரியாமல், தங்கம் இறங்கும் என்று பந்தயம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இதை அவருக்குப் புரியவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். "நாம் இப்போது பாதுகாப்பான பக்கம் இல்லை அப்பா" என்ற ஒரு வரிதான்.

ஆராய்ச்சியில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நங்கூரம் மிக உறுதியான விஷயம். தொழில் தெரிந்தவர்களும் தப்பவில்லை. 1987-ல் அமெரிக்காவில் வீட்டுத் தரகர்களிடம் ஒரே வீட்டைக் காட்டி, கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கொன்றாக மாற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் போட்ட மதிப்பு அந்த விலையின் பக்கமே சாய்ந்தது. கேட்டபோது, அந்த விலையை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள் பெரும்பாலோர். நஷ்ட பயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. "நஷ்டம் லாபத்தைவிட இரண்டு மடங்கு வலிக்கும்" என்று இப்போது யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1992-ல் கொடுத்த 2.25 என்ற எண்ணிலிருந்து வந்தது அது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் இருபத்தைந்து மாணவர்கள்தான். தொகை சிறியதாக இருந்தால் இந்த விளைவு மங்கிவிடுகிறது என்றும், நஷ்ட பயம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, இருப்பதை மாற்ற விரும்பாத பழக்கம்தான் என்றும் 2018-ல் சிலர் வலுவாக எழுதினார்கள். 2020-ல் 19 நாடுகளில், கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் வெளியிட்ட பழைய சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது பெரும்பாலான முடிவுகள் நின்றன. ஆகவே திசை நம்பத்தக்கது. இரண்டு மடங்கா ஒன்றரை மடங்கா என்பதை உங்கள் அப்பா மீது ஒட்டிப் பார்க்காதீர்கள்.

டெபாசிட்டுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பழக்கமான பகுதி இதுதான். கவுண்டருக்கு வருகிறவர்கள் பெனால்டி என்ற சொல்லைக் கேட்டதுமே பேச்சை நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு என்று கேட்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். எனவே 2023 பிப்ரவரிக்குப் போய் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம், 5.4 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேரும். இரண்டு ஆண்டு முடிவில் கணக்கில் சுமார் 5,56,600 இருக்கும். முன்கூட்டியே எடுத்தால் 5.4-லிருந்து பெனால்டியைக் கழிப்பார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வங்கிகளில் முறை வேறு. பணம் உண்மையில் இருந்த காலத்துக்கு, அதாவது இரண்டு ஆண்டுக்கு, நீங்கள் போட்ட அன்று என்ன வட்டியோ அதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அரை முதல் ஒரு சதவீதம் கழிப்பார்கள். 2021-ல் இரண்டு ஆண்டுக்கு 5.1 என்று வைத்து ஒரு சதவீதம் கழித்தால் 4.1. அந்தக் கணக்கில் கைக்கு வருவது சுமார் 5,42,500. ஆக, அன்று கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் ஏறத்தாழ 14,100 ரூபாய். அப்பா பயந்தது இதற்குத்தான், பயம் பொய்யும் இல்லை.

ஆனால் அந்தச் சமயத்தில் இரண்டு, மூன்று ஆண்டு டெபாசிட்டுக்கு 7 சதவீதம் பல இடங்களில் கிடைத்தது. அந்த 5,42,500-ஐ மீதி மூன்று ஆண்டுக்கு 7 சதவீதத்தில் போட்டிருந்தால் 2026 பிப்ரவரியில் சுமார் 6,68,000 ஆகியிருக்கும். எடுக்காமல் விட்டதால் கிடைக்கப் போவது சுமார் 6,53,800. பெனால்டியைக் கட்டிய பிறகும் 14,000-க்கு மேல் கூடுதலாக வந்திருக்கும், வருமான வரி தனி. அன்று போகும் 14,000 உடனே தெரிந்தது. மூன்று ஆண்டு கழித்து வரும் 14,000-ஐப் பார்க்க, யாராவது பேனாவை எடுத்துக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த எங்களுக்கு அதை எழுதிக் காட்ட நேரம் இருந்ததில்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன்.

இதே அப்பா இதே வார்த்தையை 2025 பிப்ரவரியில் சொல்லியிருந்தால் அவர் பக்கம்தான் நானும் நின்றிருப்பேன். நான்கு ஆண்டு ஓடிய பிறகு எடுத்தால் பெனால்டியால் போவது சுமார் 26,000. மீதி ஓர் ஆண்டில் 7 சதவீதம் கிடைத்தாலும் அதை ஈடுகட்டாது, கடைசியில் 18,000 ரூபாய் குறைவாகவே வந்திருக்கும். மிச்சக் காலம் நீளமாக இருந்து, வட்டி வித்தியாசமும் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிச்சக் காலம் குறுகிவிட்டால் அசையாமல் இருப்பதே லாபம். ஆகவே நகர மறுக்கும் எல்லோரையும் பார்த்து மனக்கோளாறு என்று சொல்லிவிட முடியாது. ஒரே வாக்கியம் ஒரு வருடம் தவறாகவும் இன்னொரு வருடம் சரியாகவும் இருக்கிறது. அப்பா கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுத்தாரா, பெனால்டி என்ற பெயரைக் கேட்டதும் மறுத்தாரா என்பதுதான் வித்தியாசம்.

புதுப்பிப்பில் இதே நங்கூரம் வேறு முகத்தோடு வரும். என் சித்தப்பா 2003-ல் ஓய்வு பெற்றார். தொண்ணூறுகளில் 12 சதவீதம் வாங்கிப் பழகியவர். அப்போது டெபாசிட் வட்டி ஐந்தரைக்கு வந்திருந்தது. "இதெல்லாம் ஒரு வட்டியா, எட்டாவது வரட்டும்" என்று 3 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டார். சேமிப்புக் கணக்குக்கு அன்று மூன்றரை சதவீதம். அதுவும் மாதத்தின் பத்தாம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அப்போது வட்டி. ஏறத்தாழ நான்கு ஆண்டு கழித்து வட்டி உண்மையிலேயே ஏறியது, 9 சதவீதத்துக்குப் போட்டார். கடைசி வரை "பொறுத்தேன், கிடைத்தது" என்று பெருமையாகச் சொல்வார். ஆண்டுக்கு 6,000 வீதம் நான்கு ஆண்டில் போன 24,000 அவர் கணக்கிலேயே வரவில்லை. ஒவ்வோர் ஆண்டாகப் போட்டுக்கொண்டே வந்திருந்தால் அந்த 24,000-மும் கிடைத்திருக்கும், பின்னால் 9 சதவீதமும் கிடைத்திருக்கும். அவருக்கு நங்கூரம் 12, அதனால் எல்லா வட்டியும் கேவலமாகத் தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு நங்கூரம் 5.4, அதனால் வரும் பிப்ரவரியில் வங்கி ஆறு சதவீதம் சொன்னாலே நல்ல முன்னேற்றமாகத் தெரியும். பழைய 5.4-ஓடு அதை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அன்று அஞ்சலகத்திலும் மற்ற வங்கிகளிலும் என்ன தருகிறார்கள் என்பதோடு ஒப்பிட வேண்டும். இதை எழுதும்போது அஞ்சலக டைம் டெபாசிட்டில் ஓர் ஆண்டுக்கு 6.9, ஐந்து ஆண்டுக்கு 7.5.

ஆனால் உங்களுக்கு வட்டியைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. "அப்படியே புதுப்பி" என்றால் பொதுவாக அதே காலத்துக்குப் புதுப்பிப்பார்கள். ஐந்து ஆண்டு டெபாசிட் மறுபடி ஐந்து ஆண்டுக்குப் போய் உட்காரும். கல்யாணமோ பதினொரு மாதத்தில். அப்புறம் அதைப் பாதியில் உடைத்து, அப்பா எதற்குப் பயந்தாரோ அதே பெனால்டியைக் கட்ட வேண்டியிருக்கும். ரசீதில் அல்லது வங்கிச் செயலியில் தானாகப் புதுப்பிக்கும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். போட்டிருந்தால், முதிர்வுத் தேதிக்கு முன்பே எழுதிக் கொடுத்து நீக்கி, பணம் சேமிப்புக் கணக்குக்கு வரும்படி செய்யுங்கள். கிளையில் இருந்தபோது, முதிர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்து "யாரைக் கேட்டுப் புதுப்பித்தீர்கள்?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களே என்றோ கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை எடுத்துக் காட்டுவோம்.

பேசும் விதத்துக்கு வருகிறேன். "அன்றைக்கே சொன்னோமே" என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம். அதைச் சொன்ன நொடியில் பேச்சு தங்கத்தை விட்டு அவர் மரியாதைக்குப் போய்விடும், அப்புறம் அவர் 40,000-ஐக் காப்பாற்றியே ஆக வேண்டும். என் அனுபவத்தில் பலித்தது கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அப்பா, நம் பீரோவில் இப்போதே 10 பவுன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வருடம் சொச்சம் இருக்கிறது. விலை இறங்கும் என்று நம்பி இன்று அதை விற்று 9 லட்சமாக்கி வைப்பீர்களா, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று?" யாரும் விற்க மாட்டார்கள். இருப்பதை விற்க மாட்டேன் என்பவர், இல்லாததை வாங்கவும் மாட்டேன் என்றால், இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தப் பழைய எண் மட்டும்தான். இதை நீங்கள் விளக்க வேண்டாம். கேள்வியைக் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், ஒரு ராத்திரி அவர் யோசிக்கட்டும். ஒருவேளை அவர், "விற்பேன், ஏனென்றால்..." என்று நாளையைப் பற்றிய ஒரு காரணத்தோடு பதில் சொன்னால், அதை மதித்துக் கேளுங்கள். நேற்றைப் பற்றிய காரணம் என்றால் நங்கூரம், நாளையைப் பற்றிய காரணம் என்றால் அது தீர்மானம். தவறான தீர்மானமாக இருக்கலாம், ஆனால் அதோடு வாதாட முடியும்.

அடுத்தது, ரூபாயை விட்டுவிட்டுக் கிராமில் பேசுங்கள். "இன்னும் 80 கிராம் வேண்டும்" என்று காலண்டரில் எழுதி வையுங்கள். மொத்தமாக ஒரே நாளில் வாங்கச் சொல்லாதீர்கள், நான்காகப் பிரியுங்கள். இந்த மாதம் 20 கிராம், பிப்ரவரியில் டெபாசிட் வந்ததும் 20, ஆடிக்கு முன் 20, தீபாவளிக்குள் 20. தேதியை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும், அன்று என்ன விலையோ அதுதான். இப்படிப் பிரிப்பதால் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலை ஏறிக்கொண்டே போனால் மொத்தமாக முதல் நாளே வாங்கியவர்தான் பிழைத்தார். பிரிப்பதில் வேறு பலன் இருக்கிறது. விலை இறங்கினால் அடுத்த 20 கிராம் மலிவு, ஏறினால் முன்பு வாங்கிய 20 கிராம் லாபம். எந்தப் பக்கம் போனாலும் அப்பாவுக்கு ஓர் ஆறுதல் இருக்கும், ஒரே நாளின் தவறு முழுக்கத் தன் தலையில் என்ற பயம் இருக்காது. நாணயமாக வாங்குவதா நகையாக வாங்குவதா என்பார்கள். நாணயத்தைப் பிறகு நகையாக மாற்றும்போது சேதாரம் எப்படியும் கட்ட வேண்டும், மாற்றும்போது கழிவும் இருக்கலாம். தங்கைக்குப் பிடித்த மாடல் தெரிந்துவிட்டால் நகையாகவே எடுத்துவிடலாம்.

இன்னொன்றையும் தயங்கித்தான் சொல்கிறேன். அந்த 10 பவுனும் ஒரு நங்கூரம்தான். பவுன் 42,000 இருந்தபோது பேசிய எண் அது. விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆன பிறகும் எண்ணிக்கையை யாரும் தொடவில்லை. உங்கள் டெபாசிட் முழுவதும் வந்தாலும் இன்றைய விலைக்கு 7 பவுன் சொச்சம்தான் வரும், அதுவும் செய்கூலி, சேதாரம், வரி சேர்க்காமல். மிச்சத்துக்குக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால், 10-ஐ 6 ஆக்குவது பற்றித் தங்கையிடமே கேளுங்கள். அவருடைய கல்யாணம், அவருடைய நகை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதால்தான் 10 என்றால், அது நங்கூரம் இல்லை, வரதட்சணை. 1961-லிருந்து அது குற்றம், அதற்கு வேறு மாதிரி பேச வேண்டும்.

கடைசியாக, கடைக்குப் போகும் நாள். தங்க விலை நம் கையில் இல்லை, கடைக்குக் கடை அதிகம் மாறாது. சேதாரம் மாறும். நங்கூரம் அங்கேதான் உங்கள் பையில் நேராகக் கை வைக்கிறது. ஐந்து பவுன் ஆரம் ஒன்றுக்குத் தங்கம் மட்டும் 4,50,000 என்று வையுங்கள். விற்பவர் 18 சதவீதம் சேதாரம் என்பார், அது 81,000. பேசினால் 14-க்கு வருவார், 63,000. பதினெட்டாயிரம் குறைத்துவிட்டோம் என்று குடும்பமே மகிழ்ச்சியாக வெளியே வரும். அதே வேலைப்பாட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஆரம்பத்திலேயே 10 சதவீதம் போட்டிருந்தால் 45,000-தான். பேரம் பேசி ஜெயித்தவர் பதினெட்டாயிரம் அதிகம் கொடுத்துவிட்டார், முதலில் காதில் விழுந்த எண் 18 என்பதால். அதனால் பேரத்தைத் தொடங்கும் முன்பே மூன்று கடைகளில் அதே மாதிரி வேலைப்பாட்டுக்குச் சேதாரம் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அன்று எதையும் வாங்க வேண்டாம். இந்த வேலையை அப்பாவிடம் கொடுங்கள். கணக்கு நன்றாகத் தெரிந்த மனிதர் என்றீர்களே, மூன்று கடை எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுவதை அவரைவிட நன்றாக உங்கள் வீட்டில் யாரும் செய்ய மாட்டார்கள்.